புதுப்பிப்பு: வாடகை வண்டிச் செயலியில் முடக்கப்பட்ட என் ஓட்டுநர் கணக்கு

முன்பு கேட்டது: “கமிஷன் நிலுவை 640 ரூபாயை யுபிஐயில் கட்டினேன். வங்கியில் பணம் போய்விட்டது; செயலியில் நிலுவை அப்படியே இருக்கிறது, கணக்கும் முடங்கிவிட்டது. எப்படி முறையிடுவது?”

பணம் தானாகத் திரும்பினால் எல்லாம் சரியாகும் என்று ஒருவர் சொன்னது பாதிதான் பலித்தது. மூன்றாம் நாள் பணம் திரும்பியது, முடக்கம் நீங்கவில்லை. வெறும் ஸ்கிரீன்ஷாட்டுடன் அனுப்பிய முதல் முறையீடு நிராகரிக்கப்பட்ட பிறகு, மூத்த ஓட்டுநர் ஒருவர் இங்கே கூறியபடி, பணம் திரும்பியதை உறுதிசெய்துகொண்டு நிலுவையை மறுபடி கட்டி, அந்த ரசீதையும், முதலில் பணம் போனதும் திரும்பி வந்ததும் தெரியும் வங்கி அறிக்கையையும், 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் அதே புகார் எண்ணின் கீழ் அனுப்பினேன். மறுநாள் கணக்கு திறந்தது. இழந்த ஊக்கத்தொகைக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.