உபரி என்பது லாபத்துக்கு இன்னொரு பெயரா?

பங்குக்காரன்:
எங்கள் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கத்தில் இந்த ஆண்டு நன்றாகவே மிஞ்சியிருக்கிறது. பொருளாளர் அதை லாபம் என்று சொல்ல மாட்டேன், உபரி என்கிறார். என்னிடம்தான் பங்கு அதிகம். பங்குக்கு ஏற்பப் பிரித்துக் கொடுக்க வேண்டியதுதானே? பெயரை மாற்றி எங்களை ஏமாற்றுகிறாரா?

தணிக்கை மேசை:
வரவில் செலவைக் கழித்தால் மிஞ்சுவது லாபம். கம்பெனி என்றாலும் சங்கம் என்றாலும் கழித்தல் ஒன்றுதான். பல கூட்டுறவுச் சட்டங்களே ‘நிகர லாபம்’ என்றுதான் எழுதியிருக்கின்றன. உங்கள் பொருளாளர் பேச்சை அலங்காரம் செய்கிறார், அவ்வளவுதான்.

பழைய பேரேடு:
நானும் ஒரு நுகர்வோர் சங்கத்தின் பொருளாளர்தான். எங்கள் பொதுக்குழுவில் ஒரு பெரியவர் இதே கேள்வியோடு எழுந்தார். சங்கத்தில் அதிகப் பங்கு அவருடையது. ஆனால் சங்கத்தில் எதுவும் வாங்குவதில்லை. அன்றைக்குப் பலகையில் எழுதிக் காட்டியதைச் சொல்கிறேன், எண்களை மட்டும் எளிதாகப் புரியும்படி முழு எண்களாக மாற்றியிருக்கிறேன்.

ஆண்டு விற்பனை 10,00,000. அதில் உறுப்பினர்கள் வாங்கியது 8,00,000, வெளியார் வாங்கியது 2,00,000. சம்பளம், தேய்மானம், வராக்கடனுக்கான ஒதுக்கீடு எல்லாம் போக மிச்சம் 50,000. விற்பனை விகிதப்படி பிரித்தால் 40,000 உறுப்பினர்களிடமிருந்தும் 10,000 வெளியாரிடமிருந்தும் வந்தவை.

“ஐயா, உறுப்பினர்களுக்கு 5 சதவீதம் குறைத்து விற்றிருந்தால் இந்த 40,000 எங்கே இருந்திருக்கும்?” என்று கேட்டேன். “இருந்திருக்காது” என்றார்.

“அப்படியென்றால் அது நாம் சம்பாதித்ததா, உறுப்பினர்களிடம் கூடுதலாக வாங்கி வைத்ததா?”

அவர் பதில் சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, “அப்போ முதலிலேயே குறைத்து விற்க வேண்டியதுதானே?” என்றார். நல்ல கேள்வி. முடியாது என்றேன். எவ்வளவு சரக்கு கெட்டுப்போகும், கொள்முதல் விலை எவ்வளவு ஏறும் என்பதெல்லாம் ஆண்டு முடிந்த பிறகே தெரியும். அதனால் கொஞ்சம் சேர்த்து வாங்கிக்கொண்டு, கணக்கை முடித்த பிறகு திருப்பித் தருகிறோம். 1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் முன்னோடிகள் என்ற கூட்டுறவாளர்கள் ஆரம்பித்த கடையிலும் இதே வழிதான்: சந்தை விலைக்கு விற்று, மிஞ்சியதை வாங்கிய அளவுக்கு ஏற்பத் திருப்பினார்கள்.

அப்புறம் பிரித்தோம். வெளியாரால் வந்த 10,000 முழுவதும் காப்பு நிதிக்கு. உறுப்பினர்களால் வந்த 40,000-இல் கால்பங்கு, அதாவது 10,000, அதுவும் காப்பு நிதிக்கு. மீதி 30,000. பங்கு மூலதனம் 1,00,000, அதற்கு எங்கள் துணைவிதிப்படி 6 சதவீத வட்டி 6,000. மிஞ்சிய 24,000-ஐ உறுப்பினர்கள் வாங்கிய 8,00,000-க்குப் பிரித்தால் 3 சதவீதம்.

பெரியவரின் பங்கு 10,000, கொள்முதல் இல்லை. அவருக்கு வட்டி 600. அந்த அம்மாவின் பங்கு வெறும் 500, ஆனால் ஆண்டில் 20,000-க்கு வாங்கியிருந்தார். அவருக்கு வட்டி 30, கொள்முதல் தள்ளுபடி 600, ஆக 630.

அதே 30,000-ஐ லாபம் என்று பங்குக்குப் பிரித்தால் பெரியவருக்கு 3,000, அம்மாவுக்கு 150. பணம் அதேதான், போய்ச் சேரும் கை வேறு. பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, “எனக்கு லாபம் என்ற பேரே பிடித்திருக்கிறது” என்றார். சபை சிரித்தது. தீர்மானம் உபரி என்றே நிறைவேறியது. அவர் எதிர்த்துத்தான் வாக்களித்தார்.

தணிக்கை மேசை:
கதை நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் எண்ணே உங்களுக்கு எதிராகப் பேசுகிறது. வெளியாரிடமிருந்து வந்த 10,000? அவர்களுக்கு எதையும் திருப்பித் தரவில்லையே. அது அப்பட்டமான லாபம்.

பழைய பேரேடு:
சரிதான் சார், அதை மறுக்கவில்லை. அதனால்தான் இரண்டு கணக்கையும் தனியாக வைக்கச் சொல்கிறேன். பில் போடும்போதே உறுப்பினர் எண்ணைப் பதியாத சங்கம், மிச்சம் முழுவதையும் உபரி என்று சொன்னால் நானே நம்ப மாட்டேன். யாரிடமிருந்து எவ்வளவு வந்தது என்று அதற்கே தெரியாது. வெளியார் வியாபாரம் பாதிக்கு மேல் போய்விட்டால், அது கூட்டுறவுப் பலகை மாட்டிய கடை என்பது என் கருத்து. வைப்புத்தொகைக்கு வங்கி தரும் வட்டியையும் நான் வெளி வருமானத்தில்தான் சேர்ப்பேன்.

மூன்றாம் மாடி:
எங்கள் குடியிருப்புச் சங்கத்திலும் இதே தகராறு! பராமரிப்புக் கட்டணம் வசூலித்ததில் மிஞ்சிவிட்டது. எல்லோரும் பங்கு கேட்கிறார்கள். செல்போன் கோபுர வாடகையும் அதில் சேர்ந்திருக்கிறது. லிஃப்ட் வேறு ஓடவில்லை. என்ன செய்யலாம்?

பழைய பேரேடு:
லிஃப்டுக்கு என்னிடம் மருந்து இல்லை. பராமரிப்பில் மிஞ்சியது உங்கள் முன்பணம் மாதிரி. அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம், பழுதுநிதியிலும் போடலாம். கோபுர வாடகை உங்களில் யாரும் கொடுத்ததில்லை, வெளியிலிருந்து வந்தது. வரிக் கணக்கிலும் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் இரண்டையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

பங்குக்காரன்:
என் பணம் அவ்வளவு நாள் உள்ளே கிடக்கிறதே. சரக்கு வாங்க முதல் போட்டது நான்தானே? அதற்கு 6 சதவீதம்தானா?

நெசவு நாட்கள்:
உங்களுக்குக் கூலி இல்லை என்று யாரும் சொல்லவில்லையே, வட்டி தருகிறார்கள். உலகக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995-இல் வகுத்த கொள்கைகளில் மூன்றாவதைப் படியுங்கள். மூலதனத்துக்கு ஏதாவது தந்தால் பொதுவாக ஓர் அளவோடு, உபரியில் உறுப்பினர்களுக்குத் தருவது அவர்கள் சங்கத்தோடு வைத்திருக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு ஏற்ப என்றுதான் இருக்கிறது. நான் இருப்பது தொழிலாளர் கூட்டுறவு. அங்கே கொள்முதலே கிடையாது, உழைத்த மணிநேரத்துக்கு ஏற்பப் பிரிக்கிறோம். பங்கை அளவுகோலாக வைத்தால் வேலை செய்யாதவர் வேலை செய்பவரின் முதலாளி ஆகிவிடுவார்.

தணிக்கை மேசை:
அளவோடு என்பது சரி, அந்த அளவு எவ்வளவு? வெளியில் 8 சதவீதம் கிடைக்கும்போது 6 கொடுத்தால் முதல் போட்டவர்தான் வாங்குபவருக்கு மானியம் தருகிறார். இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இன்னொன்று. 20,000 காப்பு நிதிக்குப் போனதே, அது யாருடையது? பத்து ஆண்டு வாங்கியவர் விலகும்போது பங்குத் தொகையை மட்டும் எடுத்துப் போகிறார். நேற்று சேர்ந்தவர் அந்த நிதியின் நிழலில் உட்காருகிறார்.

பழைய பேரேடு:
முதல் கேள்வியில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வட்டி ரொம்பக் குறைந்தால் யாரும் பங்கை உயர்த்த மாட்டார்கள், அப்புறம் சங்கம் கடன் வாங்கித்தான் சரக்கு எடுக்கும். எங்கள் பொதுக்குழுவில் 7 ஆக்கலாம் என்று ஒரு முன்மொழிவு இருக்கிறது. காப்பு நிதி விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு ஆண்டு நஷ்டம் வந்தால் தாங்குவது அந்த நிதிதான், உறுப்பினர் வீட்டுக்குப் போய் யாரும் கேட்பதில்லை.

@பங்குக்காரன், உங்கள் பொருளாளரைச் சந்தேகிப்பதானால் வேறு இடத்தில் சந்தேகப்படுங்கள். உபரி என்று காட்டிய தொகையில் எவ்வளவு கையிலிருக்கும் பணம், எவ்வளவு கடன் பாக்கி, எவ்வளவு விற்காத சரக்கு என்று கேளுங்கள். எங்கள் 50,000-இல் அன்றைக்கு வங்கியில் இருந்தது 18,000. அதனால் தள்ளுபடியை இரண்டு தவணையாகத்தான் கொடுத்தோம்.

பங்குக்காரன்:
கேட்கிறேன். ஆனால் 6 சதவீதத்துக்கு நான் கை தூக்க மாட்டேன்.