சாய்வு டிரஸ்: ஐந்து மூட்டுக்கும் சம பங்கு தரலாமா?

மூன்றாமாண்டு:
டிரஸ் அகலம் 12 மீட்டர், நடு உயரம் 2.5 மீட்டர். ஒவ்வொரு சரிவிலும் இரண்டு சம பேனல்கள். டிரஸ்கள் 4 மீட்டருக்கு ஒன்று. தகடும் பர்லினும் சரிவுப் பரப்பில் சதுர மீட்டருக்கு 0.2 கிலோநியூட்டன், லைவ் லோடு கிடைப்பரப்பில் 0.5. மொத்தம் 34.4 வருகிறது. மேலே ஐந்து மூட்டுகள் இருப்பதால் தலைக்கு 6.88 என்று வைத்தேன். கூட்டினால் சரியாக இருந்தும் விடை ஒத்துவரவில்லை. ஏன்?

வரைபலகை:
கூட்டுத்தொகை சரியாக இருப்பதுதான் இங்கே ஏமாற்றுகிறது. ஒரு மூட்டு, தன் இரு பக்கமும் பாதிப் பேனல் வரையுள்ள கூரையைச் சுமக்கிறது. முனை மூட்டுக்கு ஒரு பக்கம்தான் கூரை. பேனல் சரிவில் 3.25 மீட்டர், கிடையாக 3 மீட்டர். ஆகவே உள் மூட்டுக்கு 0.2×3.25×4 = 2.6, அத்துடன் 0.5×3×4 = 6; சேர்த்து 8.6. உச்சிக்கும் அதே அளவுதான். முனைகளுக்கு 4.3.

எதிர்விசை 17.2. அதில் முனைச் சுமையைக் கழித்தால் 12.9, முனை ராஃப்டரில் 12.9×13/5 = 33.5 அமுக்கம். உங்கள் பங்கீட்டில் 26.8தான் வரும். ராஃப்டரை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து வடிவமைத்துவிடுவீர்கள்.

சுருக்குவழி:
முனைச் சுமை நேரே தூணில் இறங்கிவிடுகிறது. அதை எழுதவே வேண்டாம். மூன்று உள் மூட்டுகளை மட்டும் வைத்தாலும் அதே 33.5 வரும். வீண் வேலை எதற்கு?

வரைபலகை:
உறுப்புகளுக்கு அது சரி, மறுக்கவில்லை. ஆனால் அப்போது எதிர்விசை 12.9 என்று தாளில் நிற்கும். தூண் வடிவமைப்பவர் அதைத்தான் எடுத்துக்கொள்வார். இன்னும் மோசமானது, 17.2-ஐ எழுதிவிட்டு 4.3-ஐக் கழிக்க மறப்பது: ராஃப்டர் 44.7-க்கு எகிறிவிடும். விடைத்தாள்களில் அடிக்கடி பார்ப்பது இதைத்தான்.

கொட்டகைக்காரர்:
எங்கள் கிடங்கில் மூட்டுகளுக்கு நடுவிலும் பர்லின் ஓடுகிறது. ராஃப்டர் கண்ணுக்குத் தெரியும்படி தொய்கிறது. அப்படியானால் மூட்டுச் சுமை கணக்கே தவறா?

வரைபலகை:
கேள்வி வேறு, ஆனால் முக்கியமானது. நடு பர்லினின் சுமையைப் பாதிப் பாதியாக இரு மூட்டுகளுக்கும் கொடுத்தால் அச்சு விசைகள் சரியாகவே வரும். அதோடு நின்றுவிட்டால் ராஃப்டரின் வளைவு விடுபட்டுவிடும். இதே டிரஸ்ஸில் பேனல் நடுவே ஒரு பர்லின் இருந்தால் அதன் மேல் 4.3 விழும், தனி உத்திரமாகக் கொண்டால் திருப்புமை 4.3×3/4, ஏறத்தாழ 3.2 கிலோநியூட்டன் மீட்டர். சுமை செங்குத்தாக இறங்குவதால் கிடைத் தூரம் 3-ஐத்தான் எடுக்க வேண்டும். அமுக்கத்தையும் வளைவையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

சுருக்குவழி:
ராஃப்டர் மூட்டுகளில் அறுபடாமல் தொடர்ந்து ஓடுகிறதே! 3.2 மிகை. குறைத்தே எடுக்கலாம்.

வரைபலகை:
நடுவில் குறையும், மூட்டின் மேல் எதிர்த் திருப்புமை முளைக்கும். இணைப்புத் தகட்டைப் பார்க்காமல் எவ்வளவு குறைக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன்.

மூன்றாமாண்டு:
காற்றுக்கும் இதே பங்கீடுதானா?

வரைபலகை:
பரப்பு அதே, சரிவில் அளந்தது. திசை மட்டும் கூரைக்குச் செங்குத்து. இரு சரிவுகளிலும் அழுத்தம் வேறுபடும் என்பதால் உச்சி மூட்டில் இரண்டு அரைச் சுமைகளைத் தனித்தனித் திசையில் வையுங்கள்.