'திரெட் கவுண்ட்'டுக்குத் தமிழில் என்ன எழுதுவது?

அனைவருக்கும் வணக்கம். சித்தப்பா விசைத்தறியில் ஓட்டும் படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் இணையத்தில் விற்க, தமிழில் ஒரு விவரக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். துணி பருத்தி, நெசவு சாதா, விரிப்பு 90க்கு 108 அங்குலம், உறை 17க்கு 27 என்று எழுதியாகிவிட்டது. 'திரெட் கவுண்ட் 200' என்ற இடத்தில்தான் நிற்கிறேன். 'இழை எண்ணிக்கை' என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் அதைப் படிக்கிற அம்மாவுக்கு எங்கே எண்ணியது, எதை எண்ணியது என்று ஒன்றும் புரியவில்லை. நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.
— கொண்டலாம்பட்டி

*

தம்பி, புதுச்சொல் எதற்கு? 'நூலெண்' என்று ஏற்கெனவே இருக்கிறதே, பழைய பாடநூல்களிலும் பார்த்திருக்கிறேன். எண் கூடக்கூடத் துணி மென்மையாகும் என்ற பொருளும் அதிலேயே வந்துவிடும்.
— அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

*

ஐயா சொல்வதில் பாதி சரி. நூலெண் நல்ல சொல்தான், ஆனால் அது வேறொன்றின் பெயர். தறிக்காரர்கள் 'நாற்பதாம் நம்பர் நூல்' என்கிறோமே, அதுதான் நூலெண். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கும் என்ற கணக்கு, சிட்டம் ஒன்றுக்கு 840 கஜம். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசாகும். அது நூலை மட்டும் வைத்துச் சொல்வது, துணி இன்னும் பிறக்கவே இல்லை. தம்பி கேட்பது நெய்து முடித்த துணியைப் பற்றி: ஓர் அங்குல அகலத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் எத்தனை, ஓர் அங்குல நீளத்தில் குறுக்கே ஓடும் ஊடை நூல் எத்தனை, இரண்டையும் கூட்டினால் வருவது. உங்கள் சித்தப்பா ஓட்டுவது நாற்பதாம் நம்பரில் பாவு 110, ஊடை 90 ஆக இருக்கும், கேட்டுப் பாருங்கள். கூட்டினால் 200. இரண்டுக்கும் நூலெண் என்றே எழுதினால் '40 நூலெண், 200 நூலெண்' என்று ஒரே பக்கத்தில் வந்து நிற்கும், வாங்குகிறவர் எதை நம்புவார்?

'இழை எண்ணிக்கை'யிலும் எனக்கு ஒரு பயம் உண்டு. முறுக்கு நூலை நாங்கள் 'ரெண்டிழை' என்றுதான் சொல்கிறோம். போன மாதம் சொந்தக்காரர் ஒருவர் 400 என்று அச்சடித்த விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். நூலைப் பெரிதாக்கிக் காட்டும் பிக் கிளாஸை வைத்து ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினேன். பாவு 110, ஊடை 90, அதே 200தான். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இரண்டு விரலுக்கு நடுவில் முறுக்குக்கு எதிர்ப்பக்கம் உருட்டினேன், மெதுவாக இரண்டாகப் பிரிந்தது. ஊடை நூலும் அப்படியே. எண்பதாம் நம்பரை இரண்டாக முறுக்கினால் கனம் நாற்பதாம் நம்பர் அளவுக்கு வந்துவிடும், துணியில் பிடிக்கிற இடமும் அதே. அந்த இரண்டையும் தனித்தனியாக எண்ணி 400 போட்டிருக்கிறார்கள். அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.மின் முறையிலும் முறுக்கிய நூல் ஒன்று என்றால் கணக்கில் ஒன்றுதான். ரெண்டிழைத் துணி மட்டம் என்று சொல்ல வரவில்லை, உறுதியாகவே இருக்கும், ஆனால் அது 400 அல்ல. 'இழை எண்ணிக்கை' என்று நாமே எழுதினால் அந்தக் கணக்குக்குக் கதவைத் திறந்துவிட்டது போலாகும்.

துணியைக் கையில் பிடித்து எங்கள் ஆட்கள் சொல்லும் வார்த்தை 'நெருக்கம்'. 'நெருக்கம் பத்தல', 'நல்ல நெருக்கம்' என்பார்கள். அதனால் 'நூல் நெருக்கம்' என்பது என் பரிந்துரை. முறுக்குக்குள் இருப்பதைப் 'புரி' என்று தனியாக வையுங்கள். முப்புரி நூல் என்று எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே.
— அம்மாப்பேட்டை, தறி மேஸ்திரி

*

மேஸ்திரி அண்ணா, சொல் அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் கடைக்கு வருகிற வாடிக்கையாளர் கேட்பது திரெட் கவுண்டைச் சுருக்கி 'டி.சி. எவ்வளவு' என்றுதான். தேடும்போதும் அதைத்தான் அடிக்கிறார்கள். நீங்கள் நேர்மையாக 200 என்று எழுதுவீர்கள், பக்கத்தில் ஒருவர் 400 என்று அதே விலைக்கு வைப்பார். சொல்லை மாற்றி இதைச் சரிசெய்ய முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.
— செவ்வாய்ப்பேட்டை

*

ஏற்காட்டில் நாலு அறை வைத்து விருந்தினர்களுக்கு விடுகிறேன், எனக்கும் இதில் ஒரு கேள்வி. சுருக்கம் குறைவு என்று எழுதியிருந்ததை நம்பி ஒரு டஜன் விரிப்பு வாங்கினேன். துவைத்து எடுத்தால் அத்தனையும் கசங்கிக் கிடக்கிறது, ஒவ்வொன்றாக இஸ்திரி போட வேண்டியிருக்கிறது. நூல் நெருக்கம் கூடினால் இஸ்திரி வேலை குறையுமா?
— ஏற்காடு

*

அக்கா, அவர்கள் எழுதிய சுருக்கம் வேறு, நீங்கள் எடுத்துக்கொண்ட சுருக்கம் வேறு. துணி அளவில் குறையாது என்று அவர்கள் எழுதியிருப்பார்கள். நெருக்கத்துக்கும் இஸ்திரிக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, தனிப் பருத்தி என்றால் கசங்கத்தான் செய்யும். ஒன்று சொல்லுங்கள், அளவு குறைந்ததா? அளந்து பார்த்தீர்களா?
— அம்மாப்பேட்டை

*

உங்கள் கேள்விக்குப் பிறகுதான் டேப்பை எடுத்தேன். 90க்கு 108 என்று வாங்கியது, மூன்று துவைப்புக்குப் பிறகு 87க்கு 103 இருக்கிறது. மெத்தை 72க்கு 78, உயரம் 6 அங்குலம். மழை மாதங்களில் மூடுபனியில் எதுவும் காயாது, அதனால் மெஷினில் சூடாக்கித்தான் உலர்த்துகிறோம். காலையில் பார்த்தால் விரிப்பு பக்கவாட்டில் மெத்தையை விட்டு வெளியே வந்து கிடக்கிறது, விருந்தினர் புரண்டு படுப்பதால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.
— ஏற்காடு

*

புரண்டு படுப்பதால் இல்லை அக்கா. அகலத்தைப் பாருங்கள்: மெத்தை 72, இரண்டு பக்கமும் உயரத்துக்கு 6 வீதம் 12, ஆக 84. புதிதில் 90 இருந்தபோது ஒரு பக்கத்துக்கு 3 அங்குலம் அடியில் செருகக் கிடைத்தது. இப்போது 87, ஒன்றரை அங்குலம்தான், அது எப்படி நிற்கும்? நீளத்தில் இன்னும் இடம் இருப்பதால் அங்கே தெரியவில்லை. நீளவாக்கில் 5 போனதற்குக் காரணம், தறியில் பாவை விறைப்பாக இழுத்துக் கட்டித்தான் ஓட்டுவோம். நனைந்ததும் நூல் உப்பும், அந்த விறைப்பு விட்டுப்போகும், பாவு ஊடையைச் சுற்றி இன்னும் வளைந்து உட்காரும், அந்த வளைவுக்குப் போனதுதான் உங்கள் நீளம். சூட்டில் உருட்டி உலர்த்தினால் கூடுதலாகக் குறையும். பெரும்பங்கு முதல் சில துவைப்பில் போய்விடும், அதன்பிறகு அவ்வளவாக இருக்காது. அடுத்த முறை 100 அகலம் கேளுங்கள்.
— அம்மாப்பேட்டை

*

அப்படியென்றால் 'சுருக்கம்' என்ற சொல்லே இங்கே ஆகாது. அம்மையார் படித்ததில் பிழை இல்லை, அந்தச் சொல் இரண்டு பக்கமும் பேசுகிறது. அளவு குறைவதைச் 'சுருங்கல்' என்றும், மடிப்பு விழுவதைக் 'கசங்கல்' என்றும் பிரித்துவிடலாம். நூலெண் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் 'நெருக்கம்' என்றால் சிலருக்குப் புழுக்கம் நினைவுக்கு வராதா? 'நூற்செறிவு' என்று ஆக்கினால் என்ன?
— அஸ்தம்பட்டி

*

நூற்செறிவு படிக்க நன்றாக இருக்கிறது ஐயா, ஆனால் எங்கள் தறிக்கூடத்தில் ஒருவர் வாயிலும் நுழையாது. நெருக்கம் ரொம்பக் கூடினால் காற்றோட்டம் குறைவது உண்மைதான், சேலத்துக் கோடைக்கு 200 நெருக்கமே சுகம். அந்த நினைப்பு வந்தால் வரட்டுமே.
— அம்மாப்பேட்டை

*

எல்லோருக்கும் நன்றி. சித்தப்பாவிடம் கேட்டேன், பாவு 110, ஊடை 90, ஒற்றைப் புரி, மேஸ்திரி அண்ணா சொன்னதேதான். ஒரு துண்டை அளந்து மூன்று முறை துவைத்துவிட்டு மறுபடி அளக்கப் போகிறேன், அதனால் சுருங்கல் வரிசை இப்போதைக்குக் காலி. கடைக்கார அண்ணனுக்காக 'டி.சி.' என்பதையும் விடவில்லை. இன்றைக்கு ஏற்றுவது இது:

நூல் நெருக்கம் (டி.சி.): சதுர அங்குலத்துக்கு 200. பாவு 110, ஊடை 90. ஒற்றைப் புரி, 40ஆம் நம்பர் பருத்தி நூல்.

'நெருக்கமா' 'செறிவா' என்பதில் இன்னும் யாராவது எழுதினால் மாற்றிக்கொள்கிறேன்.
— கொண்டலாம்பட்டி