டொராண்டோவிலிருந்து மதுரைக்கு: நவம்பர் 12 அன்றே கைக்குக் கிடைக்க வேண்டிய பிறந்தநாள் பரிசு

புதுவரவு_டொராண்டோ
கனடா வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மனைவி மதுரையில் அவங்க அம்மா வீட்டில் இருக்காங்க, பள்ளிக்கூட டீச்சர். நவம்பர் 12, வியாழக்கிழமை பிறந்தநாள். அன்றைக்கே கையில் கிடைக்கணும், ஆப்பில் பொத்தானை அமுக்கி அனுப்பினது மாதிரியும் இருக்கக் கூடாது. இங்கிருந்து பார்சல் போடலாமா, அங்கேயே வாங்கிக் கொடுக்க ஏற்பாடு செய்யலாமா?

கடல்தாண்டி
இருபது நாள் முன்னாடி பார்சல் போட்டுடுங்க ப்ரோ. நல்ல பெர்ஃப்யூம் ஒண்ணு, சாக்லேட் ரெண்டு டப்பா. சுங்க ஃபாரத்தில் 'கிஃப்ட்'னு எழுதினா 5,000 ரூபாய் வரைக்கும் டூட்டி கிடையாது.

பார்சல்_அக்கா
கடல்தாண்டி தம்பி, அந்த 5,000 ரூபாய் சலுகை முன்னாடி நிஜமாவே இருந்தது. 2019 டிசம்பரில் எடுத்துட்டாங்க. இப்போ ராக்கி, உயிர்காக்கும் மருந்து தவிர, கிஃப்ட் என்று வருகிற எதற்கும் முழு வரி கட்டணும். கூரியரில் போனால் வாங்குகிறவரின் அடையாள அட்டையையும் கேட்பாங்க. பிறந்தநாள் பெண்ணுக்கே போன் போட்டு 'பார்சல் வந்திருக்கு, ஆதார் அனுப்புங்க, வரி கட்டுங்க' என்று சொன்னால் ரகசியமும் போச்சு, தேதியும் போச்சு. சுங்கத்தில் எத்தனை நாள் நிற்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பெர்ஃப்யூமில் ஆல்கஹால் இருப்பதால் வெளிநாட்டுத் தபாலில் எடுக்கவே மாட்டாங்க.

புதுவரவு தம்பி, பரிசை இரண்டாகப் பிரிச்சுக்கோங்க. உங்கள் கைபட எழுதினது மட்டும் கனடாவிலிருந்து போகட்டும். மற்றதெல்லாம் மதுரையிலேயே வாங்கினதா இருக்கட்டும். வெறும் காகிதத்துக்கு வரித் தொல்லை இல்லை. ஆனால் கடித உறைக்குள் கீசெயின், சாக்லேட் என்று எதையும் திணிக்காதீங்க. பொருள் ஒன்று உள்ளே போனாலே சுங்க ஃபாரம் ஒட்டணும், அது கடிதம் என்ற கணக்கிலிருந்து வெளியே போயிடும்.

கடிதத்தை மனைவி முகவரிக்கு அனுப்ப வேண்டாம். மதுரையில் இருக்கும் நம்பிக்கையான நண்பர் வீட்டுக்கு, டிராக்கிங் உள்ள தபாலில், அக்டோபர் முதல் வாரமே அனுப்பிடுங்க. உறைக்குள் இன்னொரு உறை, அதை ஒட்டி, மேலே 'நவம்பர் 12, சாயங்காலம்' என்று எழுதுங்க. அது ஐப்பசி அடைமழை நேரம், அதனால் உள் உறையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போடுங்க. பேனா மை கரைந்தால் எழுதினதே வீண். 2024இல் நவம்பர் 15 தொடங்கி டிசம்பர் 17 வரை கனடா தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தாங்க. அப்படி ஏதும் மாட்டினால் என்ன செய்வது? ஒட்டுவதற்கு முன்னாடியே ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, கடைசி வழியா நண்பர் தன் வீட்டிலேயே பிரிண்ட் எடுத்துக் கொடுக்கலாம்.

பழைய_மதுரைக்காரன்
அக்கா சொன்னதோட தீபாவளியையும் கணக்கில் எடுத்துக்கணும். இந்த 2026இல் நவம்பர் 8, ஞாயிறு. அதற்கு முந்தின வாரம் உள்ளூர் கூரியரும் திணறும், பண்டிகை முடிந்து ஆட்கள் திரும்பவும் ஓரிரு நாள் ஆகும். கடையில் புடவையோ புத்தகமோ ஆர்டர் போட்டால் அக்டோபர் 31க்குள் நண்பர் வீட்டுக்கு வந்துடணும். ஸ்வீட் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். 12ஆம் தேதி மதுரையில் எந்த வீட்டைத் திறந்தாலும் முறுக்கும் மைசூர்பாக்கும்தான் இருக்கும்.

மதுரையில் பூ இல்லாமல் பிறந்தநாளா? மல்லியை ஆப்பில் வாங்காதீங்க. வீட்டுப் பக்கத்து பூக்காரம்மாவிடம் நண்பரை 10ஆம் தேதியே சொல்லி வைக்கச் சொல்லுங்க. மழையும் பனியும் வந்தால் மல்லி வரத்து குறையும். அன்றைக்கு முகூர்த்தமும் சேர்ந்துட்டா விலையைக் கேட்கவே வேண்டாம், காலண்டரைப் பார்த்துக்கோங்க. நாலு முழம், நெருக்கமா கட்டினது. ரெண்டு முழம் மனைவிக்கு, ரெண்டு முழம் அத்தைக்கு, தனித்தனியா வாழை இலையில். மல்லி கிடைக்கலைன்னா பிச்சி வாங்கச் சொல்லிடுங்க. அன்றைக்குப் போன் போட்டு உங்களிடம் கேட்க முடியாது, நீங்கள் தூங்கிட்டு இருப்பீங்க.

காலையில் பறிக்கிற மொட்டு சாயங்காலம்தான் அவிழும். அஞ்சு மணிக்குக் கையில் கொடுத்தால் தலையில் வைக்கிற நேரத்துக்கு வாசம் எழும். காலையில் கொடுத்துட்டு டீச்சரம்மா பள்ளிக்கூடம் போயிட்டா பூ வீட்டில் கிடக்கும்.

பார்சல்_அக்கா
சாயங்காலம் உங்கள் நேரத்துக்கும் பொருந்துது. இப்போது மதுரை உங்களைவிட ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருக்கு. நவம்பர் 1 அதிகாலையில் டொராண்டோ கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அதன்பின் வித்தியாசம் பத்தரை. அதாவது அங்கே மாலை 5:30 என்றால் உங்களுக்குக் காலை 7:00, வேலைக்குக் கிளம்பும் முன் வீடியோவில் பார்க்கலாம். பழைய கணக்கையே மனசில் வச்சிருந்தால் எட்டு மணிக்குக் கூப்பிடுவீங்க, அங்கே உறையைப் பிரித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். போன் காலண்டரில் அந்த நிகழ்ச்சிக்கு நேர மண்டலமாக Asia/Kolkata என்று தேர்ந்தெடுத்தால் அதுவே மாற்றிக் காட்டும்.

டெலிவரி விவரத்தில் நண்பர் நம்பரையே கொடுங்க. மதுரையில் காலை 10:30க்குக் கூரியர் பையன் வழி கேட்டுக் கூப்பிட்டால் உங்களுக்கு அது நடுராத்திரி 12.

புதுவரவு_டொராண்டோ
நன்றி அக்கா, நன்றி அண்ணா. பணம் எப்படிக் கட்டுவது? கனடா கார்டை அந்த ஊர்க் கடை இணையதளம் எடுக்கவில்லை. இந்திய கார்டுக்கு ஓடிபி பழைய நம்பருக்குப் போகுது.

பார்சல்_அக்கா
பழைய சிம்மை ரீசார்ஜ் செய்து ரோமிங்கில் உயிரோடு வச்சிருந்தால் ஓடிபி இங்கேயே வரும். உங்கள் இந்திய வங்கிக் கணக்கை எப்படியும் வெளிநாட்டில் இருக்கிறவங்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றணும். மாற்றின பிறகு சில வங்கிகளில் கனடா நம்பரை வைத்தே யுபிஐ கிடைக்கும், உங்கள் வங்கியில் உண்டா என்று கேளுங்க. இப்போதைக்கு நண்பருக்கு மொத்தமாக ஒரு தொகை அனுப்பிடுங்க, பூக்காரம்மாவுக்குக் கையில் காசுதான் சரி.

யாழ்நிலா
நான் லண்டனில, அவர் யாழ்ப்பாணத்தில. எங்களுக்கு அக்டோபர் 25க்கே நேரம் மாறிடும், நாலரை மணித்தியாலம் அஞ்சரை ஆகும். இதே மாதிரி கடிதத்தை முன்னமே அனுப்பி வச்சா சரிவருமோ அக்கா? சாமானுக்கும் வரி இப்பிடித்தானோ?

பார்சல்_அக்கா
கடிதம் அனுப்பும் வழி சரிவரும் தங்கச்சி. வரி விஷயத்தில் நான் சொன்னது இந்தியச் சட்டம். இலங்கைக்கு வேறு, அங்கே சுங்கத்தில் கேட்டுக்கோங்க.

கடல்தாண்டி
டூட்டி விஷயம் புரிஞ்சது அக்கா. ஆனா ராத்திரி பன்னிரண்டுக்குக் கேக் போகலைன்னா அது என்ன பிறந்தநாள்? அவருக்கு அது 11ஆம் தேதி மதியம் 1:30தானே, சாப்பாட்டு இடைவேளையிலேயே பார்க்கலாம்.

பழைய_மதுரைக்காரன்
மறுநாள் பள்ளிக்கூடம், வீட்டில் பெரியவங்க தூங்கிட்டு இருப்பாங்க தம்பி. அந்த நேரத்தில் முன்பின் தெரியாத பையன் கேட்டைத் தட்டினால் தெருவே எழுந்துக்கும்.

கடல்தாண்டி
தட்டுறது நண்பரா இருந்தா? எங்க வீட்டில் எல்லாரும் முழிச்சுட்டுதான் இருப்போம்.

பழைய_மதுரைக்காரன்
அது வீட்டுக்கு வீடு மாறும். புதுவரவு, அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. அன்றைக்கு நண்பர் ஊரில் இல்லைன்னா யார் போவாங்க என்பதையும் இப்பவே பேசிடுங்க. அந்த ரெண்டாவது ஆளுக்கும் வீடும் பூக்காரம்மா கடையும் தெரிஞ்சிருக்கணும், கடித உறையை நண்பர் எங்கே வச்சிருக்கார் என்பதும்தான்.