கிரில்லைப் பார்த்து லொறி வாங்கப் போன அனுபவம் (உங்கட அனுபவத்தையும் எழுதுங்க)

படுவான்கரை விவசாயி

போன பெரும்போக வெட்டு நேரம் வாடகை லொறிக்குக் காத்திருந்து, வட்டையில குவிச்ச நெல் மழையில நனைஞ்சு போச்சு. அதோட சொந்தமா ஒரு லொறி எடுக்கிற எண்ணம் வந்தது. அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு புறோக்கர் வாட்ஸ்அப்பில அஞ்சு படம் அனுப்பினார். நாலு படம் முன்பக்கம். கறுப்புக் கிரில், நடுவில பெரிசா இசுசு என்ற எழுத்து, கதவில 350 என்று ஸ்டிக்கர். "எல்ஃப் 350, பதினாலரை அடி பொடி, மூண்டரைத் தொன், 68 லட்சம்" என்று குரல் பதிவும் வந்தது. எனக்கு ஒரு தரத்துக்கு 50 மூட்டை ஏத்த வேணும். எங்கட மூட்டை 65 கிலோ வரும், அப்ப 3,250 கிலோ. கணக்குச் சரி என்று நினைச்சு முற்பணம் அனுப்ப வெளிக்கிட்டன்.

என்ட மச்சினன் கராஜில நிக்கிறவன். படத்தைப் பெருப்பிச்சுப் பார்த்திட்டு, "அத்தான், முன்சில்லு நட்டு எத்தனை எண்டு எண்ணுங்க" என்றான். எண்ணினன், அஞ்சு. "மூண்டு தொன்னுக்கு மேல எண்டா பெரும்பாலும் ஆறு இருக்கும். புக்கைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க."

புக் ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்தது. அதில நிசான் அட்லஸ் என்று இருந்தது. சேசி இலக்கம் ஏ.கே.ஆர் 66 என்று தொடங்குது. மொத்த நிறை 4,685, வெறும் நிறை 2,520. கழிச்சா 2,165. மூண்டு ஆசனத்துக்கு ஆளுக்கு 55 கிலோ போட்டா 165. மிச்சம் சரியா 2,000. ரெண்டு தொன் லொறிதான்.

நேரில போனப்ப இன்னொண்டும் தெரிஞ்சது. பொடி இங்க அடிச்ச கனமான இரும்புப் பொடி. பக்கத்து மில் லொறித் தராசில வெறுமையா ஏத்திப் பார்த்தம், 2,980 காட்டிச்சு. அப்ப மொத்த நிறைக்குள்ள நிக்க வேணும் என்றா, ஆக்களின்ட 165ஐயும் கழிச்சு, சாமான் 1,540 கிலோதான். என்ட மூட்டையில 23. அம்பது எங்க, இருபத்திமூண்டு எங்க! கைகாசு போகேல்ல என்றாலும், படத்தை மட்டும் பார்த்து முற்பணம் அனுப்புற ஆக்கள் இருக்கினம், அதுக்குத்தான் எழுதினன். நீங்க எதைப் பார்த்து அடையாளம் பிடிக்கிறீங்க?

கல்முனை கராஜ்

30 வருசமா இந்த வேலைதான் தம்பி. கிரில் என்டது கிளிப்பும் ஸ்குரூவும். அரை மணித்தியாலம் போதும் மாத்துறத்துக்கு. உடைஞ்சா கையில கிடைச்சதப் போடுவாங்க, அதுல ஏமாத்துற எண்ணமே இல்லாமலும் இருக்கும். அதனால நான் கிரில்லக் கடைசியாத்தான் பார்க்கிறது.

அட்லஸ் என்டு புக்கில இருந்ததுக்கு நீங்க பயப்படத் தேவல்ல. தொண்ணூறுகளில நிசான், எல்ஃபையே வாங்கித் தன்ட பேரப் போட்டு வித்தது. எல்ஃப்ட என்.கே.ஆர் 66க்கும் அட்லஸ்ட ஏ.கே.ஆர் 66க்கும் கெபின், கதவு, எஞ்சின் எல்லாம் ஒண்டு, ரெண்டிலயும் 4.3 லீட்டர் 4எச்எஃப்1. மஸ்டா டைட்டனும் 2004க்குப் பிறகு அப்பிடித்தான், அதுல எல்.கே.ஆர் என்டு வரும். கிரில்லும் பேரும்தான் வித்தியாசம்.

பயப்பட வேண்டியது நிறைக்குத்தான். அதே கெபின்ல ரெண்டு தொன்னும் இருக்கு, மூண்டு தொன்னும் இருக்கு. பதினாலரை அடி ரெண்டிலயும் அடிக்கலாம், அடிக்கணக்கு நிறையச் சொல்லாது. முன்னுக்கு நேரா எடுத்த படத்தில கெபினுக்கு ரெண்டு பக்கமும் பொடி வெளிய தள்ளித் தெரிஞ்சா ஒடுக்கக் கெபின். பொடியும் கெபினும் ஏறக்குறைய ஒரே அகலமா நின்டா அகலக் கெபின், என்.பி.ஆர் பக்கம். அகலக் கெபின்ல பாரமான வகை கூட. ஒடுக்கத்திலயும் மூண்டு தொன் இருக்கு, அதனால நட்டையும் புக்கையும் பார்க்காம முடிவு சொல்லப்படாது.

வருசம் பார்க்க, கெபின்ல ரிவட் அடிச்ச தகட்டில மாடலுக்கு முன்னால இருக்கிற ரெண்டு எழுத்தப் பாருங்க. கே.சி என்டா தொண்ணூறுகளின்ட நடுப்பகுதி, கே.கே என்டா அதுக்குப் பிறகு.

செங்கலடி சாரதி

கல்முனை அண்ணன் சொன்னது சரி, ஆனா அட்லஸ் எண்டா நிசான் எஞ்சின் தான் வரும். நான் ஓடினது டீடி27. இசுசு எண்டு பேர் இருந்தா இசுசு எஞ்சின். பாரத்துக்குப் பின்னுக்கு ரெண்டு ஸ்பிரிங் பிளேட் கூடப் போட்டா 50 மூட்டை சும்மா இழுக்கும், நானே ஏத்தியிருக்கன்.

கல்முனை கராஜ்

நீங்க ஓடினது சின்ன அட்லஸ், எஃப் 23. அது நிசான்ட சொந்த வேலை, நீங்க சொல்றது அதுக்குச் சரி. ஆனா எல்ஃப் 100 என்டு இசுசு பேர்ல வாறதும் அதே சின்ன அட்லஸ்தான், அதுக்குள்ள நிசான் எஞ்சின் இருக்கும். பேர வச்சு எஞ்சின் சொல்ல ஏலாது.

பிளேட் போட்டா லொறி தாழாது, அவ்வளவுதான். பிறேக் ட்றம், அச்சு, டயர் அதே ரெண்டு தொன்னுக்குள்ளதுதான். போன மாசமும் ஒண்டு வந்தது, பின் ட்றம் சூட்டுல நீலம் பாய்ஞ்சு வெடிப்பு விழுந்து கிடந்தது. பிளேட் மட்டும் புதுசு.

வாழைச்சேனை மீன்காரர்

எனக்கு மீன் ஏத்த கென்டர் ஃப்ரீசர் ஒண்டு 75 சொல்றாங்க. கிரில் நல்ல பளபளப்பு, புதுசு மாதிரி இருக்கு. ஃப்ரீசர் மோட்டர் எத்தனை வருசம் உழைக்கும்?

படுவான்கரை விவசாயி

அண்ணன், மோட்டரைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா ஃப்ரீசர் பெட்டி சாதாரணப் பொடியை விடப் பாரம். வாங்க முன்னம் வெறுமையாத் தராசில ஏத்திப் பாருங்க. ஐஸும் பாரம்தானே.

சம்மாந்துறை மில்

விலையைப் பத்தி ஒருத்தரும் பேசல்லயே. இசுசு என்டு புக்கில இருக்கிறதும் அட்லஸ் என்டு இருக்கிறதும் எங்கட பக்கம் விக்கக்குள்ள அஞ்சு, ஆறு லட்சம் வித்தியாசம். லீசிங் எடுக்கப் போனாலும் அவங்க புக்கத்தான் பார்ப்பாங்க. 2020ல இறக்குமதி நிண்டதுக்குப் பிறகு பழைய லொறியெல்லாம் ஏறின விலைதான் இன்னும் கேக்கிறாங்க. அந்த லொறிக்கு 68 கூட.

கல்முனை கராஜ்

காக்கா, பார்ட்ஸ் ஒண்டுதானே, ஓடுறவனுக்கு ஏன் அஞ்சு லட்சம் குறையோணும்? நல்ல சேசி என்டா நான் அட்லஸத்தான் எடுப்பன்.

சம்மாந்துறை மில்

எடுக்கிறது லேசு, திருப்பி விக்கக்குள்ளதான் தெரியும். வாப்பாட அட்லஸ் எட்டு மாசம் வாசல்ல நிண்டது.

படுவான்கரை விவசாயி

கடைசியில 58 சொல்லிப் பார்த்தன், 64க்குக் கீழ வரமாட்டன் என்றார். எனக்குத் தேவையான நிறைக்கே அது பத்தாது, விட்டிட்டன். இப்ப களுவாஞ்சிக்குடியில ஒரு அகலக் கெபின் இருக்குதாம். இந்த முறை கேட்டது மூண்டு படம்: புக், தகடு, முன்சில்லு. புக்கில மொத்த நிறை ஆறு தொன்னுக்கு மேல, நட்டு ஆறு. தகடு இருந்த இடத்தில ரிவட் ஓட்டை மட்டும்தான் இருக்கு. கல்முனை அண்ணன், சேசியில குத்தின இலக்கத்தைத் துரு சுரண்டிப் பார்க்கத்தான் வேணும். ஞாயிறு வர ஏலுமா?