‘ஒன் ஆஃப் த கிளையண்ட்ஸ் ஹூ’: அடுத்து ஹேவா, ஹேஸா?

பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுகிறேன். மூன்று நாளாக ஒரே வரியில் நிற்கிறேன்.

‘ஒன் ஆஃப் த கிளையண்ட்ஸ் ஹேஸ் பெய்ட்’ எனக்குத் தெளிவு. ‘ஒன்’தான் எழுவாய், அதனால் ஒருமை. ‘ஈச் ஆஃப் த டீம் மெம்பர்ஸ்’, ‘நைதர் ஆஃப் அஸ்’ இரண்டுக்கும் ‘இஸ்’ போட்டேன். பேச்சில் ‘நைதர் ஆஃப் அஸ் ஆர்’ என்றும் வரும், ஆனால் கடிதத்துக்கு ஒருமைதான் சரி.

சிக்கல் இதில்: ‘ஹி இஸ் ஒன் ஆஃப் த கிளையண்ட்ஸ் ஹூ ஹேவ் நாட் பெய்ட்.’ சீனியர் அக்கா ‘ஹேஸ்’ என்று திருத்திவிட்டார்.

தமிழில் சொல்லிப் பார்த்தேன்: ‘பணம் கட்டாத வாடிக்கையாளர்களில் அவரும் ஒருவர்.’ ‘கட்டாத’ ஒட்டி நிற்பது வாடிக்கையாளர்களோடு, ஆக ‘ஹேவ்’. ‘த ஒன்லி ஒன் ஆஃப்’ என்று இருந்தால் ‘ஹேஸ்’ என்பேன்.

கடிதம் நாளை போகணும். இந்த வரியில் ‘ஹேஸ்’ பிழையா, அல்லது அதையும் ஏற்பார்களா?