கிராம் அணியின் அணிக்கோவை ஒருமுறை 0.000029, ஒருமுறை 29: எதை நம்புவது?

இளம்பரிதி:
வணக்கம். நான்கு எண்கள் கொண்ட மூன்று வெக்டர்கள் என்னிடம் இருக்கின்றன. நான்கு சென்சார்களின் அளவீடுகள், சென்டிமீட்டரில். மூன்றில் ஒன்றை மற்ற இரண்டையும் வைத்தே எழுதிவிட முடியுமா என்று பார்க்க வேண்டும். 3×4 அணிக்கு அணிக்கோவை கிடையாது என்பதால், ஒவ்வொரு ஜோடிக்கும் புள்ளிப் பெருக்கல் எடுத்து 3×3 கிராம் அணியாக்கி, அதன் அணிக்கோவை 0 ஆகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள்.

```python
import numpy as np
A = np.array([[1, 2, 2, 0],
              [2, 1, 0, 2],
              [3, 3, 2, 2.001]])
G = A @ A.T
print(np.linalg.det(G))
```

கிட்டத்தட்ட 0.000029 வருகிறது. சரி, 0 தான் என்று முடிவு கட்டினேன். அப்புறம் வேறொரு வேலைக்காக எல்லாவற்றையும் மில்லிமீட்டருக்கு மாற்றி ஓட்டினால் 29 வருகிறது! அதே வெக்டர்கள்தானே? இப்போது இவை சார்ந்தவையா, சாராதவையா?

வேலன்:
கணினியில் சரியாக 0 வராது. அதனால் ஓர் எல்லை வைத்துக்கொள்ள வேண்டும். நான் எப்போதும் 1e-10 வைப்பேன். அதற்குக் கீழே போனால் 0, மேலே இருந்தால் இல்லை. உங்களுடையது இரண்டு முறையும் அதற்கு மேலேதான் இருக்கிறது. ஆகவே சாராதவை. முடிந்தது.

சதீஷ் மு:
எனக்கு 0 தான் வருகிறது நண்பரே. `A.T @ A` போட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய 0. வேறு எண்களைக் கொடுத்தாலும் அப்படியே. ஆக சார்ந்தவைதான்.

கௌசல்யா:
சதீஷ், நீங்கள் போட்டது வேறு அணி. `A.T @ A` என்றால் 4×4, அது நான்கு நெடுவரிசைகளுக்கான கிராம் அணி. அந்த நெடுவரிசைகள் மூன்று பரிமாணத்தில் இருப்பவை. மூன்று பரிமாணத்தில் நான்கு வெக்டர்கள் எப்படி இருந்தாலும் சார்ந்தவைதான். என்ன எண் கொடுத்தாலும் 0 வருவது அதனால்தான். இளம்பரிதியின் வெக்டர்கள் வரிசைகளில் இருக்கின்றன, எனவே `A @ A.T` சரி.

இளம்பரிதி, 29 எப்படி வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நீளத்தை 10 மடங்காக்கினால் ஒவ்வொரு புள்ளிப் பெருக்கலும் 100 மடங்காகும். 3×3 அணிக்கோவையில் ஒவ்வொரு உறுப்பும் மூன்று எண்களின் பெருக்கல், ஆகவே மொத்தமும் 10 லட்சம் மடங்கு. 0.000029-ஐ 10 லட்சத்தால் பெருக்கினால் 29. தப்பு எதுவும் நடக்கவில்லை. அந்த எண்ணுக்கு அலகு இருக்கிறது, அவ்வளவுதான். சென்டிமீட்டரின் ஆறாம் அடுக்கு. அலகு இருக்கிற எண்ணை வெறும் 1e-10 உடன் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை, வேலன். கிலோமீட்டருக்கு மாற்றினால் இதே அணிக்கோவை 29e-36 ஆகிவிடும், உங்கள் எல்லை அதை 0 என்று சொல்லிவிடும்.

இந்த அணிக்கோவை உண்மையில் எதை அளக்கிறது? மூன்று வெக்டர்களையும் ஒரே முனையிலிருந்து கிளம்பும் விளிம்புகளாக வைத்து, ஒரு சாய்ந்த பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியின் கன அளவின் வர்க்கம்தான் இது. பெட்டி நான்கு பரிமாணத்துக்குள் மிதப்பதால் சாதாரண அணிக்கோவையால் அளக்க முடிவதில்லை, புள்ளிப் பெருக்கல் வழியாக அளக்க முடிகிறது. வெக்டர்கள் சார்ந்தவையானால் பெட்டி தட்டையாகிவிடும், கன அளவு 0.

ஆனால் கன அளவு சிறியது என்றால் பெட்டி தட்டை என்று அர்த்தமில்லை. சின்னப் பெட்டியாகவும் இருக்கலாம். ஒன்றுக்கொன்று செங்குத்தான 20 வெக்டர்கள், ஒவ்வொன்றின் நீளமும் 0.1 என்று வைத்தால் அணிக்கோவை 1e-40. அதைவிடச் சாராத வெக்டர்கள் கிடையவே கிடையாது!

தட்டையா என்று தெரிய வேண்டுமானால் உயரத்தைப் பாருங்கள். உங்கள் வெக்டர்களை a, b, c என்போம். முதல் இரண்டுக்கு மட்டும் கிராம் அணி எடுத்தால் 9, 4, 4, 9. அணிக்கோவை 81 − 16 = 65. இது அடித்தளப் பரப்பின் வர்க்கம். மூன்றுக்கும் சேர்த்தது 0.000029. இதை அதனால் வகுத்தால் உயரத்தின் வர்க்கம்: 0.000029 / 65. வர்க்கமூலம் எடுத்தால் 0.00067 சென்டிமீட்டர் சுற்றி வரும். அதாவது a, b இருக்கும் தளத்திலிருந்து c விலகியிருக்கும் தூரம் 0.00067 செ.மீ. மில்லிமீட்டரில் கணக்குப் போட்டாலும் அதே தூரம்தான், 0.0067 மி.மீ.

இப்போது கேள்வி உங்களுக்கு: சென்சாரின் துல்லியம் எவ்வளவு?

இளம்பரிதி:
இப்போதுதான் புரிகிறது. a + b போட்டால் 3, 3, 2, 2. c-யில் கடைசி எண் மட்டும் 0.001 கூட. சென்சார் மூன்று தசம இடம் காட்டுகிறது, ஆனால் அதன் குறிப்பில் ±0.005 செ.மீ. என்று போட்டிருக்கிறது.

கௌசல்யா:
அப்படியானால் அந்த 0.00067 உங்கள் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடுகிறது. கணக்குப்படி c தளத்துக்கு வெளியே இருக்கிறது. ஆனால் இந்தச் சென்சாரை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. a, b இரண்டிலும் அதே பிழை இருப்பதால் தளமே கொஞ்சம் ஆடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலன்:
அலகு விஷயம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு வெக்டரையும் அதன் நீளத்தால் வகுத்துவிட்டால் அலகு போய்விடுமே? அப்போது என் 1e-10 செல்லும்தானே? கணினி 16 இலக்கம் வரை பிடிக்கும்.

கௌசல்யா:
நீளத்தால் வகுப்பது நல்ல யோசனை. அப்போது அணிக்கோவை 0-க்கும் 1-க்கும் இடையில் நிற்கும், எல்லாம் செங்குத்தாக இருந்தால் மட்டும் 1. இளம்பரிதியின் வெக்டர்களுக்கு அது எந்த அலகிலும் சுமார் 1.4e-8.

சிக்கல் 16 இலக்கத்தில் இருக்கிறது. கிராம் அணியை உருவாக்கும்போதே எல்லாம் வர்க்கமாகிவிடுகிறது. 1e-8 அளவு விலகல் 1e-16 ஆகிவிடும், அது 1-க்குப் பக்கத்தில் வந்து நின்றால் காணாமல் போகும். ஓட்டிப் பாருங்கள்:

```python
e = 1e-8
B = np.array([[1, e, 0, 0],
              [1, 0, e, 0],
              [1, 0, 0, e]])
G = B @ B.T
print(np.linalg.det(G))
print(np.linalg.matrix_rank(G), np.linalg.matrix_rank(B))
```

B-யின் வரிசைகள் சாராதவை என்பது பார்த்தாலே தெரியும். தாளில் போட்டால் அணிக்கோவை ஏறக்குறைய 3e-32. கணினியிலோ மூலைவிட்டத்தில் வரவேண்டிய 1 + 1e-16 வெறும் 1 ஆகிவிடுகிறது, G முழுக்க 1. அணிக்கோவை 0. G-யின் தரம், அதாவது அதில் சாராத வரிசைகளின் எண்ணிக்கை, 1. ஆனால் B-யை நேரடியாகக் கேட்டால் தரம் 3 என்று சரியாகச் சொல்கிறது. தகவல் அணிக்கோவை எடுப்பதற்கு முன்பே, பெருக்கும் வரியிலேயே தொலைந்துவிட்டது. அப்புறம் எந்த எல்லை வைத்தாலும் திரும்பி வராது.

அதனால் வெக்டர்கள் கையில் இருந்தால் G-யை உருவாக்காமல் QR போடுவேன்:

```python
R = np.linalg.qr(A.T, mode='r')
print(np.abs(np.diag(R)))
```

இளம்பரிதியின் A-க்கு 3, 2.687, 0.000668 என்று வரும். முதல் எண் a-யின் நீளம். அடுத்தது a-யின் கோட்டிலிருந்து b-யின் தூரம், கடைசி எண் நாம் மேலே கண்டுபிடித்த உயரம். மூன்றையும் பெருக்கினால் பெட்டியின் கன அளவு, அதன் வர்க்கம் 0.000029. அணிக்கோவை ஒரே எண்ணாகப் போட்டுக் கலக்கிய விஷயத்தை இது பிரித்துக் காட்டுகிறது.

ரஹீமா:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு அணிக்கோவை மைனஸில் வருகிறது. என்னிடம் வெக்டர்கள் இல்லை, ஜோடிகளின் ஒப்புமை அட்டவணை மட்டும்தான். மூலைவிட்டம் 1. முதலாவதும் இரண்டாவதும் 0.9, இரண்டாவதும் மூன்றாவதும் 0.9, முதலாவதும் மூன்றாவதும் 0.1. இதுவும் இலக்கங்கள் தொலைந்துபோகும் அதே சிக்கல்தானா?

வேலன்:
ஆமாம், கன அளவின் வர்க்கம் மைனஸ் ஆகாது. தோராயப் பிழைதான். 0 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கௌசல்யா:
-1e-17 போல வந்திருந்தால் வேலன் சொல்வது சரி. இங்கே கையாலேயே போடலாம்: 1 + 2×0.9×0.9×0.1 − 0.81 − 0.81 − 0.01 = −0.468. இது பிழையின் அளவு இல்லை. இப்படிப்பட்ட மூன்று வெக்டர்கள் எந்தப் பரிமாணத்திலும் இருக்க முடியாது என்று அட்டவணை சொல்கிறது. மூலைவிட்டம் 1 என்பதால் மற்ற எண்கள் கோணங்களின் கொசைன்கள். 0.9 என்றால் கோணம் 26 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. ஒன்றிலிருந்து இரண்டுக்கு 26, இரண்டிலிருந்து மூன்றுக்கு 26. அப்படியானால் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் 52-க்கு மேல் போகவே முடியாது. நீங்கள் கொடுத்த 0.1-க்கோ 84 டிகிரி வேண்டும்.

அந்த மூன்று எண்களும் ஒரே தரவிலிருந்து வந்தவையா?

ரஹீமா:
இல்லை. நிறைய இடங்களில் தரவு விடுபட்டிருந்தது. ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டிலும் இருக்கிற பதிவுகளை மட்டும் எடுத்துக் கணக்கிட்டேன்.

கௌசல்யா:
அங்கேதான் ஓட்டை. ஒவ்வொரு எண்ணும் வேறு வேறு வெக்டர்களைப் பற்றிப் பேசுகிறது. ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: பெரிய அட்டவணையில் அணிக்கோவை பிளஸ்ஸில் வந்தால் சரி என்று நினைத்துவிடாதீர்கள். அணிக்கோவை என்பது ஐகன் மதிப்புகளின் பெருக்கல், அவற்றில் இரண்டு மைனஸாக இருந்தால் அது பிளஸ் ஆகிவிடும். `np.linalg.eigvalsh` போட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ரஹீமா:
மைனஸ் ஐகன் மதிப்புகளை 0 ஆக்கிவிட்டு அணியைத் திரும்பக் கட்டினால் போதுமா?

கௌசல்யா:
செய்கிறவர்கள் உண்டு. மூலைவிட்டம் 1-ஐத் தாண்டிவிடும், மறுபடி சரிப்படுத்த வேண்டும். ஆனால் விடுபட்ட பதிவுகள் ஏன் விடுபட்டன என்று தெரியாமல் அதைச் செய்யலாமா என்று நான் சொல்ல மாட்டேன். 0.1 வந்த ஜோடிக்குப் பொதுவான பதிவுகள் எத்தனை என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

இளம்பரிதி:
என் பக்கம் கடைசியாக ஒன்று. உயரம் பிழைக்குள் இருக்கிறது, ஆகவே c-ஐத் தூக்கிவிடலாம், அப்படித்தானே?

கௌசல்யா:
ஒன்றைத் தூக்கலாம். அது c தான் என்று அணிக்கோவை சொல்லவில்லை. வரிசையை மாற்றினாலும் அதே 0.000029 தான். b, c தளத்திலிருந்து a-யின் உயரம் பார்த்தாலும் 0.00067, a, c தளத்திலிருந்து b-யின் உயரமும் கிட்டத்தட்ட அதுவே. எதை வைத்துக்கொள்வது என்பதை எந்த அளவீட்டை நீங்கள் அதிகம் நம்புகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

சதீஷ் மு:
`A @ A.T` போட்டேன், எனக்கும் 0.000029 வந்துவிட்டது. ஆனால் தசமத்தில் கடைசி இலக்கங்கள் உங்களுடையதோடு ஒத்துப்போகவில்லையே?